அடிக்கோடு என்று நினைத்தது

பிரீனாவுக்கு வேலையே வாசிப்பதுதான். ஆனால் அவள் புத்தகம் வாசிப்பவள் அல்ல. வடசேரியில் காய்கறிச் சந்தைக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருக்கிறது அவளுடைய அலுவலகம். பதினான்கு கம்ப்யூட்டர்கள், ஜன்னலே திறக்காத ஒரு ஹால், மாதத்துக்கு ஒருமுறை பழுதாகும் குளிர்சாதனம். எங்கெங்கோ யார் யாரோ செல்போனில் எடுத்த தெருப் படங்கள் அங்கே வரும். படத்தில் இருக்கும் கடைப் பலகைகளைச் சுற்றிப் பெட்டி வரைந்து, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தட்டச்சு செய்ய வேண்டும். அப்படிச் செய்து கொடுப்பதை வைத்து எங்கோ ஒரு இயந்திரம் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. செல்போனைப் பலகைக்கு நேராகக் காட்டினால் அது வாசித்துச் சொல்லும் அல்லவா, அந்த இயந்திரம்.

இராஜாக்கமங்கலத்தில் பிறந்தவள். அப்பா நேசையன் தென்னந்தோப்புக் குத்தகைக்காரர், அவள் பிளஸ் டூ முடித்த வருஷமே இறந்துபோனார். அம்மா தேவகனி தையல் மிஷினில் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தாள். பிரீனா பி.காம். முடித்தாள். ஐந்து வயது இளையவனான அபின் ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்து ஷார்ஜாவுக்குப் போனான். பிரீனாவுக்குக் கல்யாணம் ஆனது. கணவர் செல்வதாஸ் வடசேரியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறார். வாடகை வீடு. குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதை நிறுத்தி இரண்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள் அனில்குமார் சொன்னதை அவள் இன்றும் மறக்கவில்லை. அவர்தான் அங்கே சூப்பர்வைசர். நாற்பது வயதுக்காரர், சத்தம் போடாதவர். ஒரு தாலுகா ஆபீஸ் பலகையையும் ஒரு நகைக்கடைப் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் பலகையை இயந்திரமே சரியாக வாசித்துவிட்டிருந்தது. அச்செழுத்து எங்கே போனாலும் ஒரே முகத்தோடு இருக்கும், ஆயிரம் தரம் பார்த்த முகம், அதனால் தப்பாது என்றார். கடைப் பெயர் அப்படி இல்லை. அந்தக் கடைக்காகவே ஒரு தடவை வரைந்த எழுத்து அது. 'க்' என்பதன் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் குத்துவிளக்குச் சுடர் இருக்கும், அது படம் என்று விட்டுவிட்டால் 'க்' 'க' ஆகிவிடும். ஒரு எழுத்தின் சுழி அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்றே தெரியாது. 'ன'வில் இரண்டு சுழியா, 'ண'வில் மூன்றா என்று எண்ண முடியாதபடி நிழலும் மினுக்கும் போட்டிருப்பார்கள். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. நாளிதழில் ஒரு எழுத்து அழிந்துபோனால் பக்கத்தில் இருக்கும் வார்த்தைகள் அதை நமக்குச் சொல்லிக் கொடுக்கும். கடைப் பெயருக்கு அந்த உதவி கிடையாது. பெயர் என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம் இல்லையா. அப்போது இயந்திரம், தான் இதுவரை அதிகம் பார்த்த எதையாவது எடுத்து அந்த இடத்தில் போட்டுவிடும்.

அவர்களுக்கு வேலை சுலபமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு படத்திலும் இயந்திரம் முதலிலேயே பெட்டி வரைந்து, தனக்குத் தோன்றிய பெயரையும் கீழே எழுதி வைத்திருக்கும். அதைச் சரிபார்த்து, தப்பென்றால் திருத்தி, அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு படம். சட்டதிட்டங்கள் இருபது பக்கம் இருந்தன. எழுத்துக்கு அடியில் ஓடும் கோடு அலங்காரம், அதைப் பெட்டிக்கு வெளியே விட வேண்டும் என்பது அதில் ஒன்று. பிரீனா நான்கு வருஷத்தில் எத்தனை அடிக்கோடுகளைப் பெட்டிக்கு வெளியே விட்டிருப்பாள் என்று கணக்கே இல்லை.

அபின் ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. கம்பெனிக்காரர்களே டிக்கெட் போட்டு அனுப்பி வைத்தார்கள். ஏ.சி. குழாய்க்குள்ளிருந்து யாரோ தன் பெயர் சொல்லிப் பேசுவதாக அங்கே சொல்லியிருக்கிறான். நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை சாப்பிட்டால் நன்றாகத்தான் இருந்தான். வீட்டு மிக்சியைக் கழற்றிப் பூட்டினான், கிறிஸ்துமசுக்கு ஆலயத்துக்கு வந்தான், பக்கத்து வீட்டுக்காரர்களின் ஃபிரிட்ஜை இனாமாகச் சரிசெய்து கொடுத்தான். இந்த வருஷம் ஈஸ்டர் கழிந்து அவன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி மாத்திரைகளை தேவகனி கண்டெடுத்தது அவன் போன பிறகு.

ஜூன் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை. தேவகனி ஆலயத்தில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. செல்போன் மேசைமேல் இருந்தது. செருப்பும் இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் மட்டும் கொடியில் இல்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். படம் போட்டு நோட்டீஸ் அடித்து வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம், திருவட்டாறு என்று பஸ் நிற்கிற இடமெல்லாம் ஒட்டினார்கள். செல்வதாஸ் கடைக்கு லீவு போட்டுத் திருவனந்தபுரம் வரைக்கும் போய் வந்தார். தேவகனி மகள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். செல்போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள்.

ஜூலை முதல் தேதி காலையில் ஒரு படம் வந்தது. பிரீனாவின் கல்லூரித் தோழி ஒருத்தி அனுப்பியது, அவளுக்கு யாரோ அனுப்பி, அவருக்கு வேறு யாரோ அனுப்பியிருந்த படம். முதலில் யார் எடுத்தது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனதில் ஐந்தாவது ஆளோடு தடம் அற்றுப்போனது. மூடியிருக்கும் ஒரு கடையின் படிக்கட்டில் ஒருவன் உட்கார்ந்து இலைப் பொட்டலத்தில் சோறு தின்கிறான். தாடி. மெலிந்துபோன தோள். நீலக் கட்டம் போட்ட சட்டை. அபின்தான். தேவகனி செல்போன் திரையில் விரலை வைத்துத் தடவியதில் படம் போய் வேறு எதுவோ வந்தது, அவள் பதறிப்போய்க் கையை எடுத்துக்கொண்டாள்.

அவனுக்குத் தலைக்கு மேலே கடைப் பலகை தெரிந்தது. செல்வதாஸ் படத்தை செல்போனிலேயே வாசிக்கக் கொடுத்தார். 'சாரா' என்று வந்தது. அதற்குக் கீழே '0463' என்று வந்தது. மீதிப் பலகையை மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாய் மறைத்திருந்தது.

செல்போனை அப்படியே பிரீனாவிடம் நீட்டினார்.

"சாரான்னு போட்டிருக்கு. நீ பாரு, உனக்கு இதுதானே வேலை."

அவள் பார்த்தாள். பலகையில் பொன் நிறத்தில் வளைந்து வளைந்து எழுதிய இரண்டெழுத்துப் பெயர். அடியில் ஒரு நீளமான பொன்கோடு இடமிருந்து வலமாக ஓடி, நுனியில் ஒரு நட்சத்திரத்தில் முடிந்தது. பலரிடம் கைமாறி வந்ததில் படம் நைந்திருந்தது. மேலே போகும் கேபிள் வயரின் நிழல் முதல் எழுத்தின் காலில் விழுந்திருந்தது. கீழே இருந்த 0463 வெறும் அச்செழுத்து, பளிச்சென்று தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்துத் தொலைபேசி எண் என்று அதைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

"சாராதான்" என்றாள். நான்கைந்து நொடிகூட ஆகியிருக்காது.

அவர்கள் குடும்பத்திலேயே ஒரு சாரா உண்டு, தேவகனியின் தங்கை. அது கிறிஸ்தவர்கள் நிறைய இருக்கும் ஊராகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் உடனே தோன்றிவிட்டது. தேடிப் பார்த்ததில் 04637 என்று தொடங்கும் எண்ணோடு திசையன்விளையில் ஒரு சாரா ஜவுளிக்கடை இருந்தது. மறுநாள் புதன்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் புறப்பட்டார்கள்.

திசையன்விளைக் கடையின் பலகை வேறு மாதிரி இருந்தது. படத்திலிருந்த படிக்கட்டும் அங்கே இல்லை. திரும்பியிருக்க வேண்டியதுதான். ஆனால் தேவகனி எதிரே இருந்த டீக்கடையில் மகன் படத்தைக் காட்டினாள். டீக்கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்து, இந்த மாதிரி ஒருத்தர் போன வாரம் இங்கேதான் நின்றுகொண்டிருந்தார், உவரிப் பக்கம் போகிற பஸ்சில் ஏறியதைப் பார்த்தேன் என்று சொன்னார். பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஒன்றுமில்லை. ஒரு தாய் கையில் படத்தோடு வந்து நிற்கும்போது பார்த்ததுபோலத்தான் இருக்கும்.

உவரி அந்தோணியார் கோயிலுக்கு மனம் சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கவைப்பது உண்டு. அபின் அங்கே போயிருப்பான் என்பது பொருந்திவந்தது. கோயிலைச் சுற்றி நான்கு நாள் தேடினார்கள். செல்வதாஸ் கடற்கரை நெடுகப் போய்ப் பார்த்தார். பிரீனா அங்கே தங்கியிருந்த ஒவ்வொருத்தர் முகத்தையும் குனிந்து பார்த்தாள். தேவகனி சி.எஸ்.ஐ. சபைக்காரி. கத்தோலிக்கக் கோயிலில் ஒருநாளும் முழங்காலிட்டதில்லை. அங்கே முழங்காலிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு வடசேரி வந்து சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை பிரீனா வேலைக்குப் போனாள். வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரி அஜிதா தங்கையின் பிரசவத்துக்காகத் திருவட்டாறில் பத்து நாள் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தாள். அபின் காணாமல்போனது தெரியும், படம் வந்த விஷயம் தெரியாது. பிரீனா செல்போனை எடுத்துக் காட்டினாள். தம்பி இருக்கிற கோலத்தைக் காட்டத்தான் நினைத்தாளே தவிர, பலகையைப் பற்றி நினைக்கவே இல்லை.

அஜிதா வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கினாள்.

"இந்தத் தாரா எந்த ஊரு அக்கா?"

"தாராவா? எந்தத் தாரா?"

"பலகையில போட்டிருக்கில்லா. தாரான்னு."

"அது சாரா."

"இல்லக்கா. கோட்டைப் பாருங்க. அது அடிக்கோடு இல்ல, 'த'வுக்க வாலு."

பிரீனா செல்போனை வாங்கினாள். முதல் எழுத்தின் வலப்பக்கத்தில் விரலை வைத்துக் கோட்டைப் பின்தொடர்ந்தாள். அது எழுத்தின் காலிலிருந்து கீழே இறங்கியது. கேபிள் நிழலுக்குள் புகுந்தது. நிழலுக்கு அந்தப் பக்கம் வெளியே வந்து இடதுபுறமாக வளைந்தது. அங்கிருந்து திரும்பி முழுப் பெயருக்கும் அடியில் ஓடி நட்சத்திரத்தில் போய் முடிந்தது. எங்கேயும் அறுபடவில்லை. சாதாரண அச்சில் 'த'வின் வால் கைக்கு அடக்கமாகக் கீழே வளைந்து நின்றுவிடும். இங்கே வரைந்தவர் அழகுக்காக அதை இழுத்துப் பெயரின் நீளத்துக்குக் கொண்டு போயிருக்கிறார். வாலை அடிக்கோடென்று பிரித்துவிட்டால் மேலே மிஞ்சுவது 'ச'தான். செல்போன் அப்படித்தான் பிரித்தது. அவளும் அப்படித்தான் பிரித்தாள். நான்கு வருஷமாக அவள் கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அஜிதாவுக்கு யாரும் முன்கூட்டியே பெயரைச் சொல்லவில்லை, அதனால் அவள் எழுத்தைப் பார்த்தாள். பிரீனா காதில் விழுந்த பெயரைப் பார்த்தாள்.

அஜிதா அதற்குள் தேட ஆரம்பித்திருந்தாள். செங்கோட்டையில் ஒரு தாரா பேன்சி ஸ்டோர். 04633. கடைக்காரரே ஆங்கிலத்தில் பெயரைப் பதிந்து வைத்திருந்தார், அதனால் யாரும் பலகையை வாசிக்காமலே தேடலில் அது வந்தது. யாரோ போட்டிருந்த ஒரு படத்தில் பொன்னெழுத்துப் பலகையும் கீழே அதே மூன்று படிகளும் இருந்தன.

பிரீனா அங்கிருந்தே எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தார். சண்முகவடிவு, கடை அவருடையதுதான். பிரீனா, தான் யார், எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"நீலச் சட்டை போட்ட தம்பியா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. எனக்க தம்பி."

"பத்துப் பன்னிரண்டு நாளு எங்க வாசல்லதாம்மா கெடந்தாரு. பேரு கேட்டாச் சொல்லமாட்டாரு. இட்லி குடுத்தா வாங்கிக்கிடுவாரு. இங்க விடாமச் சாரல். வியாழக்கிழமை காலையில கடை தெறக்க வந்தா மூச்சு எளைக்கிது, மேலு அனலாக் கொதிக்கிது. நாந்தான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டேன். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பெறவு எனக்குத் தெரியாதும்மா."

வியாழக்கிழமை. அன்றைக்குக் காலையில் பிரீனா உவரியில் இருந்தாள். புதன்கிழமை அவர்கள் திசையன்விளையில் இறங்கி டீக்கடையில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவன் அந்தப் படியில்தான் இருந்திருக்கிறான்.

அவளும் செல்வதாசும் தென்காசிக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. தேவகனியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பதிவேட்டைப் பார்த்தார். பெயர் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது, என்று மூன்றாம் தேதி எழுதியிருந்தது. நுரையீரலில் நீர் கோர்த்து நிமோனியா முற்றியிருந்ததாகவும், ஐந்தாம் தேதி சனிக்கிழமை காலையில் இறந்துவிட்டதாகவும் ஒரு டாக்டர் சொன்னார். சின்ன வயசு டாக்டர். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, பிரீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிணவறையில் செல்வதாஸ் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நீ பார்க்க வேண்டாம் என்றார். அவள் போனாள். தாடியை யாரோ ஒதுக்கிவிட்டிருந்தார்கள். பாதங்கள் வெடித்துக் கறுத்திருந்தன. இடது கைக் கட்டைவிரலில் ஃபிரிட்ஜ் தகடு கிழித்த பழைய தழும்பு. அவள் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போலீஸ் காகிதங்கள் முடிய மறுநாள் மத்தியானம் ஆனது. காத்திருந்த நேரத்தில் அவள் செங்கோட்டைக்குப் போய் வந்தாள். போயே ஆக வேண்டும் என்று இருந்தது. சண்முகவடிவு அவளை உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். மகள் பெயரைத்தான் கடைக்கு வைத்திருந்தார். பலகை, கோயம்புத்தூரில் படிக்கும் அந்த மகளே கம்ப்யூட்டரில் வரைந்தது. கூரியர்காரர்கூட முதல் மாதமெல்லாம் சாரா பேன்சி என்றுதான் எழுதிக்கொண்டு வருவார், சிரித்துக்கொள்வோம் என்றார். சொன்ன பிறகு பிரீனாவின் கண்ணைப் பார்த்து, ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று புரியாமல் விழித்தார். பிரீனா காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே வந்து எதிர்ப்பக்கம் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நேரில் நின்று கடையோடு சேர்த்துப் பார்த்தால் தாரா என்றுதான் தெரியும். உள்ளே பாசிமணியும் வளையலும் தொங்குகின்றன, பில் புத்தகத்தில் தாரா என்று அச்சடித்திருக்கிறது, தாரா என்றால் நட்சத்திரம் என்பது நினைவுக்கு வருகிறது. படத்தில் அது ஒன்றும் இல்லை. இரண்டு எழுத்தும் ஒரு கோடும் மட்டும்தான் இருந்தன.

புதன்கிழமை காலையில் இராஜாக்கமங்கலம் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில், நேசையன் பக்கத்தில் அபினை அடக்கம் செய்தார்கள். அவன் ஃபிரிட்ஜ் சரிசெய்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் நின்று அழுதார்கள். தேவகனி அழவில்லை. பெட்டியை மூடும்போது மட்டும், சட்டையை மாற்றினீர்களா என்று கேட்டாள்.

பதினாறு நாள் கழித்து பிரீனா அலுவலகத்துக்குத் திரும்பினாள். பலகையைத் தான் தப்பாக வாசித்ததைச் செல்வதாசிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். முதலில் அப்படி வாசித்தது என் செல்போன்தானே, நானும்தானே சாரா என்றேன் என்று அவர் சொன்னார். உண்மைதான். ஆனால் அவருக்கு அது தொழில் இல்லை.

அனில்குமாரிடம் போய் நின்று இரண்டு விஷயம் கேட்டாள். அடிக்கோட்டைப் பற்றிய சட்டத்தை மாற்ற வேண்டும். கோடு எழுத்திலிருந்து புறப்படுகிறதா, தனியாக நிற்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று, இயந்திரம் எழுதி வைத்திருக்கும் பெயரை மறைத்துவிட்டு, இவர்கள் வாசித்து முடித்த பிறகு காட்ட வேண்டும். அதை முதலில் பார்த்தால் கண் அதன் பின்னாலேயே போகிறது. அவர் எதற்காகக் கேட்கிறாள் என்று கேட்கவில்லை. அஜிதா சொல்லியிருப்பாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. முதலாவதை ஏற்றுக்கொண்டார்கள். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது. எழுத்திலிருந்து புறப்படும் கோடு அந்த எழுத்தின் பகுதி, பெட்டிக்குள் சேர்க்கவும், என்று. இரண்டாவது முடியாது என்றார்கள். பெயரை மறைத்தால் ஒரு நாளைக்கு நானூறு படம் இருநூற்றைம்பதாகிவிடும்.

பிரீனா ஒரு அட்டைத் துண்டை வெட்டித் திரையின் கீழ்ப்பகுதியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டாள், இயந்திரம் எழுதியது கண்ணில் படாதபடி. ஒவ்வொரு பலகையையும் முதலில் தானே வாசித்தாள். பிறகு அட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், பஸ்சின் ஊர்ப்பலகை எல்லாவற்றிலும் இருவரும் ஒத்துப்போனார்கள். வளைவும் நிழலும் போட்ட பலகைகள் வந்தால் நாலில் ஒன்று ஒத்துப்போகவில்லை. அதில் சில சமயம் அவள் சரியாக இருந்தாள், சில சமயம் இயந்திரம் சரியாக இருந்தது. இரண்டு பேருக்கும் தெரியாதவையும் இருந்தன. முன்பெல்லாம் அந்த மாதிரிப் பலகைகளுக்கு இயந்திரம் சொன்னதையே வைத்துவிட்டு அவள் அடுத்ததற்குப் போயிருக்கிறாள். எத்தனை கடையை, எந்தெந்த ஊரில், என்ன பெயரில் எழுதி வைத்திருக்கிறோம் என்று நினைக்க ஆரம்பித்தால் கை ஓடாது. எண்ணிக்கை குறைந்ததற்காக இரண்டு மாதம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனில்குமார் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சாரா என்று தப்பாகச் சொன்னது செல்போன்தான் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லப் போன நாள்கள் உண்டு. ஒருநாள் இராஜாக்கமங்கலம் போய், அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா, அந்தப் பலகையை நான் முதலில், என்று தொடங்கினாள். தேவகனி நிமிராமலே, அதை இனிப் பேசாதே மக்கா என்றாள். பிரீனா நறுக்கிய துண்டுகளை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

செப்டம்பரில் அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்துக்குப் போயிருந்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியூரில் இருந்து வந்திருந்த ஒரு உறவுக்காரி, பெயர் வேளாங்கண்ணி, அடக்கத்துக்கு வர முடியாமல்போனதற்காக தேவகனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம், எங்கே இருக்கிறான் என்று எப்படித்தான் தெரிந்தது என்று கேட்டார்.

"எனக்க மவதான் கண்டுபிடிச்சா" என்றாள் தேவகனி. "ஒரு போட்டாவில கடைப் பேரு இருந்திச்சு. ஒருத்தருக்கும் சரியா வாசிக்கத் தெரியல்ல. இவளுக்கு அதுதான் வேலை. இவ இல்லேன்னா அவன் அநாதையாட்டுல்லா போயிருப்பான். மண்ணுல வைக்க எனக்கு உடம்பாவது கிடைச்சுது."

வேளாங்கண்ணி இப்போது பிரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லா இருப்பே மக்கா என்றார். சுற்றி நின்ற பெண்கள் அவளைப் பார்த்தார்கள். செல்வதாஸ் கொஞ்சம் தள்ளி பைக்கின் அருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பிரீனா பார்த்தாள்.

அவள் வேளாங்கண்ணியின் கைக்குள்ளிருந்து தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்ததுபோல இருந்தது.

"ஊருக்கு எப்போ போறீங்க?" என்று கேட்டாள்.